செவிலியரும் நூறு மடங்குக் கட்டணமும்

2015இல் கொச்சியில் வெளிப்பட்ட குவைத் செவிலியர் நியமன வழக்கில், சட்டம் அனுமதித்த கட்டணம் 19,500 ரூபாய். ஒவ்வொருவரிடமும் ஏறத்தாழ 19.5 லட்சம் வாங்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. அந்த முகமை அரசிடம் பதிவுபெற்றது என்பதே இதில் கவனிக்க வேண்டியது. முகவரின் பதிவை emigrate.gov.in தளத்தில் சரிபார்ப்பது அவசியம். ஆனால் அது மட்டும் போதாது.

வெளிநாட்டில் உறவினர் எவருமில்லாத முதல் தலைமுறைச் செவிலியருக்குப் பெரும்பாலும் ஊர்த்தரகரே ஒரே வழியாகத் தோன்றுகிறார். 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்று இன்றி ஆள்சேர்ப்பது குற்றம். எனவே ‘பெரிய முகவரின் ஆள்’ என்று தரகர் சொல்லிக்கொள்வது செல்லாது.

பதிவுபெற்ற முகவரும் 30,000 ரூபாயும் அதன்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியும், ஆக 35,400 ரூபாய்க்கு மேல் சேவைக் கட்டணம் பெற இயலாது. ‘விசா செலவு’ என்று அவர் மேலும் இரண்டு லட்சம் கேட்டால், வங்கி வழியே செலுத்துவதாகக் கூறி ரசீது கேளுங்கள். ரொக்கமே வேண்டுமென்றால் விலகிவிடலாம். அந்தக் குறுஞ்செய்திகளை அழிக்காமல், சென்னையிலுள்ள குடியேறுவோர் பாதுகாப்பு அலுவலரிடம் புகாருடன் அளிக்க வேண்டும். அசல் சான்றிதழ்களை எவரிடமும் ஒப்படைக்கத் தேவையில்லை. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் செவிலியரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது; விண்ணப்பத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.