குழுவில் கட்டிய தவணை வங்கிக்குப் போய்ச் சேர்ந்ததா?

மயிலாப்பூர் மாடவீதியில் பூ கட்டி விற்பவரோ, தியாகராய நகரில் கடைகளுக்குத் தைத்துக் கொடுப்பவரோ, அடையாறில் வீட்டு வேலை பார்ப்பவரோ, மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் தவணை கட்டியதும் தன் சிறிய பாஸ்புக்கில் ஊக்குநரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். பணம் குழுவின் கைக்கு வந்தது என்பதற்கு மட்டுமே அந்தக் கையெழுத்து சான்று. வங்கியில் கடன் குறைந்தது என்பதற்கு அது சான்றாகாது.

இங்கே இருப்பது இரண்டு கடன்கள். வங்கி குழுவுக்குக் கொடுத்தது ஒன்று, குழு உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது இன்னொன்று. உறுப்பினர்களிடம் குழு வாங்கும் வட்டி, வங்கி குழுவிடம் வாங்கும் வட்டியைவிடக் கூடுதலாக இருக்கலாம். அந்த மிச்சம் குழுவின் வருமானம். ஆகவே உறுப்பினர்களின் பாக்கியை எல்லாம் கூட்டி, அது வங்கி நிலுவையோடு பொருந்தவில்லை என்றதும் மோசடி என்று முடிவுகட்டுவது தவறு. ஒப்பிட வேண்டியது குழுவின் கடன் பேரேட்டில் ‘வங்கிக் கடன்’ என்று இருக்கும் பக்கத்தைத்தான்.

எதனோடு ஒப்பிடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஊக்குநர் கையில் இருப்பது பெரும்பாலும் குழுவின் சேமிப்புக் கணக்கு பாஸ்புக். கடனுக்குத் தனிக் கணக்கு எண் உண்டு. சேமிப்பு பாஸ்புக்கில் தவணைப் பணம் வெளியே போனது தெரியும், கடன் கணக்கில் போய் விழுந்ததா என்பது தெரியாது. அதற்குக் கடன் கணக்கின் பாஸ்புக் அல்லது அறிக்கை வேண்டும். வங்கி, கையெழுத்து அதிகாரம் உள்ளவர்களிடம்தான் பேசும். அதனால் ‘கடன் கணக்கு அறிக்கை பெற வேண்டும்’ என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டு, அதன் நகலோடு கிளைக்குக் கடிதம் கொடுங்கள். அறிக்கையைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். சேமிப்பில் பற்று என்றால் பணம் குறைகிறது, கடன் கணக்கில் பற்று என்றால் கடன் கூடுகிறது. மாதக் கடைசியில் பற்று வரிசையில் விழுவது பெரும்பாலும் வட்டி.

ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்கான கணக்குதான். பன்னிரண்டு பேர் உள்ள குழு. ஏப்ரல் 1 அன்று வங்கிக் கடன் நிலுவை 1,80,000 ரூபாய், வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். ஆளுக்கு 1,000 வீதம் 12,000 ரூபாய் ஏப்ரல் 5 அன்று கட்டியதாகப் பேரேடு சொல்கிறது. வங்கி அறிக்கையிலோ ஏப்ரல் 19 அன்று 10,000 ரூபாய் மட்டுமே வரவு.

வங்கி, நாள்தோறும் மிஞ்சும் நிலுவைக்கு வட்டி போடுகிறது. முதல் 18 நாள் 1,80,000 ரூபாய்க்கும், அடுத்த 12 நாள் 1,70,000 ரூபாய்க்கும் கணக்கிட்டால் ஏப்ரல் வட்டி சுமார் 1,736 ரூபாய். மாதக் கடைசி நிலுவை 1,71,736. பேரேடு சொல்வதுபோல் 5ஆம் தேதியே 12,000 போயிருந்தால் வட்டி 1,673 ரூபாய்தான், நிலுவை 1,69,673. வித்தியாசம் 2,063 ரூபாய்.

இந்த 2,063-ஐ உடைத்துப் பாருங்கள். 2,000 என்பது வங்கிக்குப் போகாத பணம். 63 என்பது அந்தக் குறைவாலும் இரண்டு வாரத் தாமதத்தாலும் ஏறிய வட்டி. முழுத் தொகையாகத் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் கட்டப்படாத தவணை, சில்லறையாகத் தெரிவது பெரும்பாலும் தாமத வட்டி அல்லது வங்கிக் கட்டணம். ஒரு மாதத்தில் 63 ரூபாய் பெரிதாகத் தோன்றாது. ஆனால் அது நிலுவையோடு சேர்ந்துவிடுவதால் அடுத்த மாதம் அதற்கும் வட்டி ஓடும். கடைசித் தவணை கட்டிவிட்டோம் என்று குழு நினைக்கும் நாளில் வங்கியில் பாக்கி நிற்பது இப்படித்தான்.

அந்த 2,000 எங்கே போனது? முதலில் ரொக்கப் புத்தகத்தின் இருப்பைப் பார்க்க வேண்டும். அங்கே கைரொக்கமாக இருந்தால் அது கட்டத் தவறிய பணம், திருட்டு அல்ல. இரண்டு பேர் கட்டாமலே கட்டியதாக எழுதப்பட்டிருக்கலாம், அதைத் தனிநபர் பாஸ்புக்குகள் காட்டிக்கொடுக்கும். அதே பணம் கூட்டத்தில் இன்னொருவருக்கு உள்கடனாகப் போயிருக்கலாம், அப்படியானால் தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்க வேண்டும். தவறு வங்கியிலும் நடக்கலாம். மல்லிகை, ரோஜா என்று ஒரே பெயரில் பல குழுக்கள் இருப்பதால், தொகை வேறொரு குழுவின் கடனில் வரவாகிவிட வாய்ப்புண்டு. சேமிப்பில் பற்று இருந்து கடனில் வரவு இல்லையென்றால் வங்கியைத்தான் கேட்க வேண்டும். சேமிப்பிலேயே வராத பணத்துக்குக் குழுவுக்குள்தான் பதில் தேட வேண்டும்.

இப்போது தவணையை ஊக்குநரின் செல்போன் எண்ணுக்கு ஜிபே செய்வது வழக்கமாகிவிட்டது. அந்தப் பணம் அவருடைய சொந்தக் கணக்கில் விழுகிறது. அவர் நேர்மையானவராகவே இருந்தாலும், வீட்டுச் செலவோடு கலந்துவிட்ட பணத்தைப் பின்னால் பிரித்துக் காட்டுவது கடினம். குழுவின் சேமிப்புக் கணக்குக்கே அனுப்புங்கள். முடியாத நேரத்தில் பரிவர்த்தனை எண்ணை உங்கள் பாஸ்புக்கில் தேதியோடு எழுதி வையுங்கள்.

பிரச்சினை என்று வரும்போது செல்லுபடியாவது வங்கி நிலுவைதான். கூட்டுறவு வங்கிகளில் சுயஉதவிக் குழுக்கள் வாங்கிய 2,756 கோடி ரூபாய் கடனைத் தள்ளுபடி செய்வதாக 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அறிவித்தபோதும், கணக்கில் கொள்ளப்பட்டது 2021 மார்ச் 31 அன்று வங்கிப் புத்தகத்தில் இருந்த நிலுவை. குழுவின் நோட்டில் என்ன எழுதியிருந்தது என்பது அதற்குப் பயன்படவில்லை. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கடன் வாராக்கடனாகிறது. ஒழுங்காகக் கட்டிய உறுப்பினருக்கும் அடுத்த கடன் சிக்கலாகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் கடன் தகவல் அறிக்கையை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம்.

வங்கியின் பக்கமும் கேள்வி கேட்க இடமுண்டு. தாமதத்துக்கு அபராத வட்டி போடாமல் அபராதக் கட்டணம் மட்டுமே வாங்க வேண்டும், அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி ஏற்றக் கூடாது என்பது 2024 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி. கடன் கைக்கு வந்த தேதிக்கு முன்பிருந்தே வட்டி போட்டிருந்தாலும் திருப்பிக் கேட்கலாம். கிளைக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உண்டு. ஆனால் ஊக்குநருக்கும் உறுப்பினருக்கும் இடையிலான பணத் தகராறு குறைதீர்ப்பாளரின் வேலை அல்ல.

அந்தத் தகராறுக்கு முதல் இடம் குழுக் கூட்டம்தான். எந்தத் தேதி, எவ்வளவு தொகை, பேரேட்டில் என்ன, வங்கியில் என்ன என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஊக்குநரின் விளக்கத்தையும் பதிந்து, எல்லோரும் கையெழுத்திட வேண்டும். பணத்தைத் திருப்பிக் கட்டக் கெடு வைத்தால் அதையும் எழுதுங்கள். அங்கே தீராவிட்டால் பகுதி அளவிலான கூட்டமைப்பு, பிறகு மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் இந்தக் குழுக்களைக் கவனிக்கும் சமுதாய அமைப்பாளர். புத்தகங்களைக் காட்டவே மறுக்கிறார், கையெழுத்துகள் போலி என்ற நிலைமை வந்தால் காவல் நிலையம். ஒப்படைத்த பணத்தைக் கையாடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவில் நம்பிக்கை மோசடிக் குற்றம். புகாரோடு பேரேட்டுப் பக்கம், வங்கி அறிக்கை, தனிநபர் பாஸ்புக் மூன்றின் நகல்களையும் வையுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று பின்வாங்க வேண்டியதில்லை. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருக்கிறது. அதற்கான தொலைபேசி எண் 15100.