விளம்பர விலை மீறலும் அதற்கான கடிதமும்

அமெரிக்காவில் பல தயாரிப்பாளர்கள் தங்கள் பொருளுக்குக் 'குறைந்தபட்ச விளம்பர விலை' ஒன்றை அறிவிக்கிறார்கள். வணிகர்கள் இதைச் சுருக்கமாக 'மேப்' என்பார்கள். பொருளை வாங்கி விற்கும் கடைக்காரர் எந்த விலைக்கும் விற்றுக்கொள்ளலாம்; அந்தத் தொகைக்குக் கீழான விலையை விளம்பரத்தில் காட்டக் கூடாது, அவ்வளவுதான். இணையக் கடையில் பொருளின் பக்கத்தில் தெரியும் விலையும் பெரும்பாலும் விளம்பரமாகவே கொள்ளப்படுகிறது.

இந்த விதியை மீறிய கடைக்காரருக்கு எழுதும் கடிதத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் கனம் உண்டு. யாருடன் வணிகம் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தீர்மானிக்கலாம், எந்தச் சூழலில் சரக்கு தர மறுப்பார் என்பதை முன்கூட்டியே அறிவிக்கலாம் என்று 1919இல் கோல்கேட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றது. அறிவிப்பு வேறு, உடன்பாடு வேறு. விலை குறித்து இரு தரப்பும் பேசி ஒத்துக்கொண்டதாகத் தெரிந்தால் போட்டிச் சட்டத்தின் கேள்விகள் எழும். சில மாநிலங்கள் இதில் கூடுதல் கண்டிப்பானவை. அதனால்தான் பல நிறுவனங்கள் 'இனி மீற மாட்டோம் என்று எழுதித் தாருங்கள்' என்று கேட்பதைத் தவிர்க்கின்றன.

ஓர் உதாரணம். காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் ஒன்றின் விளம்பர விலை வரம்பு 120 டாலர். ஒரு கடையின் பக்கத்தில் 99 டாலர் என்று இருக்கிறது. முதலில் தேதி, நேரம், பக்க முகவரி, விற்பவர் பெயர் ஆகியவை தெரியும்படி திரைப்படம் எடுத்து வைக்க வேண்டும். மாடல் எண் சரிதானா, நிறுவனமே தள்ளுபடிக்கு அனுமதித்த நாட்களா என்றும் பார்க்க வேண்டும். அவசரத்தில் தவறாகக் குற்றம் சாட்டிய கடிதம் நல்ல வாடிக்கையாளரை இழக்கச் செய்யும்.

பிறகு கடிதம் இப்படி அமையலாம்: "வணக்கம். மார்ச் 4 காலை இந்த மாடல் உங்கள் பக்கத்தில் 99 டாலருக்குக் காட்டப்பட்டிருந்தது. எங்கள் அறிவிப்பில் உள்ள தொகை 120 டாலர். கவனக்குறைவால் நேர்ந்திருக்கலாம். விற்பனை விலை உங்கள் விருப்பம். எங்கள் கொள்கை விளம்பரத்துக்கு மட்டுமே. 48 மணி நேரத்துக்குப் பிறகும் இதே விளம்பரம் இருந்தால், கொள்கைப்படி இந்த மாடலின் புதிய ஆர்டர்களை 30 நாட்களுக்கு ஏற்க மாட்டோம்." விளைவைக் கெடுவோடு சேர்த்து எண்ணில் சொல்லிவிடுவதே மரியாதை. 'கடும் நடவடிக்கை' என்று மூடி எழுதினால் பயம்தான் மிஞ்சும், என்ன செய்வதென்று தெரியாது. கொள்கையில் முன்பே அறிவிக்காத தண்டனையைக் கடிதத்தில் புதிதாகச் சேர்க்கவும் கூடாது.

"பக்கத்துக் கடைதான் முதலில் குறைத்தது" என்பது வழக்கமாக வரும் பதில். தகவலுக்கு நன்றி சொல்லி, அதைத் தனியே சரிபார்ப்பதாகக் கூறி நிறுத்திக்கொள்ள வேண்டும். இன்னொரு கடைக்காரர் மீதான நடவடிக்கையை இவரிடம் விவரிக்கக் கூடாது. 'விலையை ஏற்றுங்கள், நாளையே சரக்கு அனுப்புகிறேன்' என்று விற்பனைப் பிரதிநிதி தொலைபேசியில் பேரம் பேசினால், கடிதம் கவனமாகத் தவிர்த்த உடன்பாட்டை அவரே உண்டாக்கிவிடுகிறார். ஆகவே பதில்கள் எல்லாம் கொள்கையைக் கவனிக்கும் ஒரே அலுவலரிடமிருந்து எழுத்தில் போவதே நல்லது.