பன்னிரண்டரை லட்சம் விற்றவருக்கு எவ்வளவு?

மாதக் கடைசி வாரம். கோயம்புத்தூர் பம்ப்செட் நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி பொள்ளாச்சிப் பக்கம் டீலர் கடைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதுவரை பன்னிரண்டு லட்சத்துக்கு பில் ஆகிவிட்டது. இன்னும் ஐம்பதாயிரத்துக்கு ஆர்டர் பிடித்துவிட்டார். மனசுக்குள் கணக்கு ஓடுகிறது: பன்னிரண்டரை லட்சத்துக்கு 5 சதவீதம், 62,500 ரூபாய். அடுத்த மாதம் கைக்கு வந்ததோ 30,500.

நிறுவனம் ஏமாற்றவில்லை. அவர்தான் ஸ்லாபைத் தப்பாகப் படித்துவிட்டார்.

அவருடைய இன்சென்டிவ் திட்டம் இதுதான். மாத டார்கெட் 10 லட்சம். அதில் 80 சதவீதத்தை, அதாவது 8 லட்சத்தைத் தொட்டால்தான் இன்சென்டிவ் தொடங்கும். தொட்டுவிட்டால் விற்ற தொகைக்கு 2 சதவீதம். டார்கெட்டைத் தாண்டிய விற்பனைக்கு 4 சதவீதம், 12 லட்சத்துக்கு மேல் போனதற்கு 5 சதவீதம். இப்படி டார்கெட்டுக்கு அப்பால் வீதம் ஏறுவதைத்தான் சர்க்குலரில் ‘ஆக்சிலரேட்டர்’ என்று போடுகிறார்கள்.

கணக்கு எப்படிப் போகிறது என்றால், முதல் 10 லட்சத்துக்கு 2 சதவீதம், 20,000. அடுத்த 2 லட்சத்துக்கு 4 சதவீதம், 8,000. கடைசி 50,000-க்கு மட்டும் 5 சதவீதம், 2,500. வருமான வரி ஸ்லாபும் இப்படித்தான் வேலை செய்கிறது: கூடுதல் வீதம் கூடுதல் தொகைக்கு மட்டும்.

ஆனால் எல்லாத் திட்டமும் இப்படி இருக்காது. சிலவற்றில் மேல் ஸ்லாபைத் தொட்டதும் முதல் ரூபாயிலிருந்தே புது வீதம் பொருந்தும். வீட்டு மின் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டும்போது 101 முதல் 200 வரையான யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறுகிறதே, அந்த மாதிரி. இந்தச் சர்க்குலரும் அப்படி எழுதப்பட்டிருந்தால் நம் பிரதிநிதி கனவு கண்ட 62,500 உண்மையாகியிருக்கும். ‘மொத்த விற்பனைக்கு’, ‘டார்கெட்டுக்கு மேற்பட்ட விற்பனைக்கு’ என்ற சொற்களில் எது இருக்கிறது என்பதுதான் 32,000 ரூபாய் வித்தியாசம்.

80 சதவீத வாசற்படியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 7,90,000 விற்றவருக்கு ஒன்றும் இல்லை. இன்னும் பத்தாயிரத்துக்கு ஒரு பம்ப் விற்றிருந்தால் 16,000 ரூபாய். மாதக் கடைசியில், தேவையே இல்லாத டீலரிடம்கூட “அண்ணே, இந்த ஒரு பில்லு போட்டுக்கங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்று சரக்கைத் தள்ளிவிடும் பழக்கம் இங்கேதான் பிறக்கிறது. பிரதிநிதியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வாசற்படியை அத்தனை உயரமாக வைத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

தள்ளிய சரக்கு திரும்பி வரும். நம் ஆள் பன்னிரண்டரை லட்சம் விற்றதில் ஒன்றரை லட்சத்துச் சரக்கை டீலர்கள் அடுத்த மாதம் திருப்பி அனுப்புகிறார்கள், கிரெடிட் நோட் போட்டாகிவிட்டது. அதை எந்த மாதத்தில் கழிப்பது? விற்ற மாதத்திலேயே கழித்தால் விற்பனை 11 லட்சமாகும், இன்சென்டிவ் 24,000 ஆகும். ஏற்கெனவே வாங்கியதில் 6,500 திருப்பித் தர வேண்டியதுதான். ஆனால் திரும்பி வந்த மாதத்தில் கழிக்கும் நிறுவனமும் உண்டு. அந்த மாதம் அவர் 9 லட்சம் விற்றிருந்தால் 18,000 வர வேண்டும். ஒன்றரை லட்சம் கழிந்ததும் விற்பனை 7,50,000, வாசற்படிக்குக் கீழே. 18,000 முழுதும் போச்சு. அதே சரக்கு, அதே ரிட்டர்ன், இழப்பு மட்டும் ஏறக்குறைய மூன்று மடங்கு.

இன்னொன்று, விற்பனை என்று எதைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பது. பெரும்பாலும் ஜிஎஸ்டி நீங்கலான தொகைதான். 18 சதவீத வரி உள்ள சரக்கில் 11,80,000-க்கு பில் போட்டவர் டார்கெட்டைத் தாண்டிவிட்டதாக நினைத்தால், அவர் சரியாக 10 லட்சத்தில் நிற்கிறார். ஆக்சிலரேட்டர் இன்னும் தொடங்கவே இல்லை. டீலரிடமிருந்து பணம் வசூலான பிறகே விற்பனையாக ஏற்கும் இடங்களில் மாதக் கடைசி பில் எதுவும் அந்த மாதத்துக்கு உதவாது.

புது ஆண்டுத் திட்டம் வந்ததும் மேலாளருக்கு இரண்டு கேள்விகளை மெயிலிலேயே அனுப்பிவிடுங்கள்: மேல் ஸ்லாப் மொத்தத் தொகைக்கா, கூடுதல் தொகைக்கு மட்டுமா? ரிட்டர்ன் எந்த மாதத்தில் கழியும்? பதில் எழுத்தில் வரட்டும். மேலாளர் மாறினாலும் மெயில் இருக்கும்.