படுக்கையறைச் சுவரின் மறுபக்கம்

எங்கள் புது வீட்டில் குடியேறி ஆறு மாதம் இருக்கும். படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், பெயின்ட் கொப்புளம் விட்டது. விரலால் அழுத்தினேன், உள்ளே இருந்த ஜிப்சம் பூச்சு ஈரமாவுபோல் அமுங்கியது. சுவரின் மறுபக்கம் குளியலறை. அங்கே ஒரு குழாய் இணைப்பு நாள்கணக்கில் கசிந்திருக்கிறது.

ஜிப்சம் மோசமான பொருள் இல்லை. செங்கல்மீதோ பிளாக்மீதோ நேராக அரை அங்குலம் பூசலாம். அரை மணி நேரத்தில் இறுகிவிடும், தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டியதில்லை. சிமென்ட் பூச்சுக்கோ ஒரு வாரமாவது நீராற்ற வேண்டும். அதைக் குறைத்தால் மயிரிழை விரிசல்கள் ஓடும். மேலே பட்டியும் இழுக்க வேண்டும். ஜிப்சம் சுவருக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது, அதுவே கண்ணாடிபோல் வழவழவென்று நிற்கும்.

ஆனால் ஜிப்சம் தண்ணீரில் சிறிதளவு கரையக்கூடியது. தொடர்ந்து ஈரம் பட்டால் உரமிழந்து உதிரும். சிமென்ட் பூச்சும் ஈரத்தில் கறைபடும், உப்புப் பூக்கும். இருந்தாலும் இப்படிக் குழையாது. அதனால் எந்தப் பூச்சு என்று முடிவெடுக்கும்முன் ஒவ்வொரு சுவருக்கும் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். குளியலறை, சமையலறைத் தொட்டிச் சுவர், துணி துவைக்கும் இடம் எல்லாவற்றுக்கும் இரு பக்கமும் சிமென்ட்தான். வெளிச்சுவரின் உள்பக்கத்தில் ஜிப்சம் பூசுவதானால், வெளிப்பூச்சு முடிந்து சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே தொடங்க வேண்டும். நாம் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்கள். எனவே அடியில் நான்கு அங்குலம் சிமென்ட் பூசி, அதற்கு மேல் ஜிப்சம் தொடங்குவது நல்லது.

கணக்கையும் பார்ப்போம். 12க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி. கதவு, ஜன்னல் போகச் சுவர்ப் பரப்பு ஏறத்தாழ 400 சதுர அடி. அரை அங்குலக் கனத்தில் 25 கிலோ ஜிப்சம் மூட்டை ஒன்று சுமார் 20 சதுர அடிக்கு வரும், ஆக 20 மூட்டை. சிமென்ட் பூச்சானால் 1:6 கலவையில் ஏறக்குறைய 3 மூட்டை சிமென்ட்டும் 20 கன அடி மணலும் போதும். கட்டுவேலை கோணலாக இருந்து பூச்சு முக்கால் அங்குலத்துக்கு ஏறினால், அதே அறை 30 மூட்டை ஜிப்சத்தை விழுங்கும். அதனால் விலை கேட்கும்முன் மட்டப்பலகையைச் சுவரில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

வேலை நடக்கும்போது ஒன்றை மட்டும் விடாமல் கவனியுங்கள். வாளியில் இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிண்டிப் பூசுவார்கள். அப்படிப் பூசிய இடம் காய்ந்த பின் நகத்தால் கீறினாலே பொடியாகக் கொட்டும். அந்தக் கலவையைக் கொட்டிவிடச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் முதலில் குழாயைச் சரிசெய்தோம். பிறகு அந்தச் சுவரில் இடுப்பளவு உயரத்துக்குச் செங்கல் தெரியக் கொத்தியெடுத்து, மூன்று வாரம் காயவிட்டு, சிமென்ட் பூசினோம். மேலே பழைய ஜிப்சம் அப்படியே இருக்கிறது.