ஆள்வோருக்கு அடங்கு என்ற ஏழு வசனங்கள்

1985ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று தென்னாப்பிரிக்க அதிபர் பி.டபிள்யூ. போத்தா, நாட்டின் வடபகுதியில் இருக்கும் மோரியா என்ற ஊருக்குப் போனார். கறுப்பின மக்களின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றான சயோன் கிறிஸ்தவ சபையின் தலைமையிடம் அது. திரண்டிருந்த பெருங்கூட்டத்தின் முன்னால் பேசியவர், பைபிளில் உள்ள ரோமர் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தை எடுத்துக்காட்டினார். ஆட்சியெல்லாம் கடவுளிடமிருந்து வருவது, ஆகவே ஆள்வோருக்கு அடங்கி நடங்கள் என்று சொல்லும் பகுதி அது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுரிமை கிடையாது. அதற்கு 17 நாட்களுக்கு முன்பு, மார்ச் 21 அன்று, லாங்கா என்ற குடியிருப்பில் சவ அடக்கத்துக்காகச் சென்ற ஊர்வலத்தின்மீது போலீஸ் சுட்டதில் குறைந்தது 20 பேர் இறந்திருந்தார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில், ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவெட்டோவில் உருவாகி வெளியானது ‘கைரோஸ் ஆவணம்’. போதகர்களும் இறையியல் அறிஞர்களுமாக 150க்கும் மேற்பட்டோர் அதில் கையெழுத்திட்டார்கள். அவர்களும் அதே 13ஆம் அதிகாரத்தைத்தான் கையில் எடுத்தார்கள். இந்த அரசுக்கு அடங்கியிருக்கக் கிறிஸ்தவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்ல என்று முடித்தார்கள்.

ஒரே பகுதி இப்படி இரண்டு பக்கமும் இழுபடுவதற்குப் படிப்பவர்களின் சுயநலம் மட்டும் காரணமல்ல. எழுதப்பட்ட விதத்திலேயே அதற்கான இடம் இருக்கிறது.

பவுல் இதை ரோமாபுரியில் இருந்த சிறிய கிறிஸ்தவக் கூட்டத்துக்குக் கி.பி. 57 வாக்கில் எழுதினார். அப்போது நீரோ பேரரசன். விவாதத்துக்குரிய பகுதி ஏழே வசனங்கள். முதல் இரண்டு வசனங்கள் கட்டளையையும் அதன் காரணத்தையும் சொல்கின்றன: அடங்கியிரு, ஏனென்றால் ஆட்சிகள் கடவுளால் ஏற்பட்டவை, எதிர்ப்பவன் கடவுளின் ஏற்பாட்டை எதிர்க்கிறான். அடுத்த இரண்டும் ஆள்வோர் என்ன செய்கிறார்கள் என்று சொல்கின்றன: நன்மை செய்பவர்கள் அவர்களுக்கு அஞ்ச வேண்டியதில்லை, தீமை செய்பவர்களே அஞ்ச வேண்டும், ஆள்பவன் மக்களின் நன்மைக்காகக் கடவுளுக்கு ஊழியம் செய்கிறவன். கடைசியில், மனச்சாட்சியின் பொருட்டும் அடங்குங்கள், வரியைச் செலுத்துங்கள் என்று பேச்சு நடைமுறைக்கு வந்துவிடுகிறது.

சண்டை முழுவதும் அந்த நடுப்பகுதியைச் சுற்றித்தான். நன்மை செய்பவனை ஆள்பவன் பாதுகாப்பான் என்பது எல்லா ஆட்சிக்கும் பொருந்தும் வர்ணனையா? அல்லது, எது உண்மையான ஆட்சி என்று அறிவதற்கான அடையாளமா? வர்ணனை என்றால், அரசு யாரைத் தண்டித்தாலும் அவன் குற்றவாளியாகத்தான் இருக்க வேண்டும். அடையாளம் என்றால், நல்லவர்களைச் சுட்டு வீழ்த்தும் அரசு அந்த இடத்தை இழந்துவிட்டது. பவுல் இதைப் பிரித்துச் சொல்லவில்லை. கெட்ட அரசு வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியை அந்த ஏழு வசனங்களில் அவர் எழுப்பவே இல்லை.

இந்த விரிசல் முதலில் பெரிதாக வெளிப்பட்டது ஜெர்மனியில். 1525இல் விவசாயிகள் கிளர்ந்தபோது மார்ட்டின் லூதர் இதே அதிகாரத்தைக் காட்டி அவர்களைக் கண்டித்தார். கலகத்தை அடக்கும்படி பிரபுக்களுக்குக் கடுமையான சொற்களில் எழுதினார். ஒரு தலைமுறை கழிந்து, 1550இல், மாக்டெபர்க் நகரத்தின் லூதரன் போதகர்கள் அதே அதிகாரத்தை வைத்தே பேரரசன் ஐந்தாம் சார்லஸை எதிர்ப்பது சரி என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பேரரசன் தன் மதக் கொள்கையை அவர்கள்மேல் திணித்திருந்தான். நன்மையைத் தண்டித்துத் தீமையைக் காக்கும் ஆட்சியாளன் கடவுளின் ஊழியன் அல்ல என்று அவர்கள் வாதாடினார்கள். இன்னொரு நுட்பமான வாதமும் இருந்தது. ஆள்வோர் என்றால் பேரரசன் ஒருவன் மட்டுமா? நகரசபை உறுப்பினர்களும் ஆள்வோர்தான். மக்களைக் காக்கும் கடமை அவர்களுக்கும் உண்டு, மேலே இருப்பவன் அதைச் செய்யாதபோது கீழே இருப்பவர்கள் செய்ய வேண்டும். ஓராண்டுக்கும் மேல் நீடித்த முற்றுகையைத் தாங்கி நின்ற அந்த நகரம், உடன்பாட்டின் மூலம் தன் மதத்தைத் தக்கவைத்துக்கொண்டது.

கைரோஸ் ஆவணத்தை எழுதியவர்கள் வேறு வழியில் போனார்கள். பவுல் யாருக்கு எழுதினார், எதற்காக எழுதினார் என்று முதலில் கேட்டார்கள். கிறிஸ்து மட்டுமே அரசர், ஆகவே இனி எந்த ஆட்சியும் எங்களுக்குத் தேவையில்லை என்று ரோமாபுரியில் சிலர் நினைத்திருக்க வேண்டும், அவர்களைத் திருத்தவே பவுல் எழுதினார் என்பது அவர்களின் விளக்கம். அப்படியானால், மனிதர்களுக்கு ஆட்சி என்று ஒன்று வேண்டும் என்பதைத்தான் அந்தப் பகுதி நிறுவுகிறது, ஒவ்வோர் அரசின் ஒவ்வொரு சட்டத்துக்கும் அது முத்திரை குத்தவில்லை. போத்தாவின் அரசைப் போன்றவை இந்த வசனங்களைத் தனியே பிடுங்கித் தங்களுக்குத் தெய்வீக அதிகாரம் இருப்பதாகக் காட்டுவதை அவர்கள் ‘அரசு இறையியல்’ என்று பெயரிட்டுச் சாடினார்கள். பைபிளின் மற்ற பகுதிகளையும் எதிரே வைத்தார்கள். பார்வோனின் ஆட்சிக்கு அடங்கிக் கிட என்று எகிப்தில் அடிமைப்பட்டிருந்தவர்களிடம் கடவுள் சொல்லவில்லை. வெளிப்படுத்தல் நூலின் 13ஆம் அதிகாரத்தில் ரோமப் பேரரசே கொடிய மிருகமாக வருகிறது.

ரோமாபுரியில் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பது ஊகம்தான், நேரடிச் சான்று இல்லை. வேறு அறிஞர்கள் வரியைக் காரணமாகச் சொல்கிறார்கள். இந்த விளக்கத்துக்கு வெளிச்சான்று கொஞ்சம் இருக்கிறது. வரி வசூலிப்பவர்களின் கொடுமை பற்றி 58இல் ரோமாபுரியில் பெரும் முறையீடு எழுந்ததாக வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் எழுதியிருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன்புதான் பேரரசன் கிளாடியஸ் யூதர்களை நகரத்தைவிட்டு வெளியேற்றியிருந்தான், அவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். வரித் தகராறில் சிக்கி இன்னொரு முறை துரத்தப்பட்டுவிடாதீர்கள் என்று ஒரு சிறுபான்மைக் கூட்டத்துக்குச் சொன்ன புத்தியாக அந்தப் பகுதியைப் படிக்கலாம். வரியில் போய் முடிவதும் அதற்குப் பொருந்துகிறது. எனக்கு இதுவே நம்பத்தகுந்ததாகப் படுகிறது.

நாம் பைபிளைத் திறக்கும் விதமும் ஒரு தடை. அதிகாரப் பிரிவுகள் மத்தியகாலத்தில் போடப்பட்டவை, பவுல் எழுதியது தொடர்ந்து ஓடும் ஒரே கடிதம். 12ஆம் அதிகாரத்தின் முடிவில், பழிக்குப் பழி வாங்காதீர்கள், அதைக் கடவுளிடம் விட்டுவிடுங்கள் என்கிறார். உடனே, தீமை செய்பவனைத் தண்டிக்கும் வேலை ஆள்பவனிடம் இருக்கிறது என்று தொடர்கிறார். ஏழு வசனங்களும் முடிந்தவுடன், ஒருவருக்கொருவர் அன்புசெய்வதைத் தவிர வேறு கடன் வைக்காதீர்கள் என்கிறார். தனிமனிதர்கள் கத்தியெடுக்கக் கூடாது என்ற பேச்சின் நடுவே வரும் பகுதியை அரசின் அளவற்ற உரிமைக்கான சாசனமாக வாசிக்க, முன்னும் பின்னும் உள்ளதை வெட்டியாக வேண்டும்.

ஆனால் எதிர்ப்புக்கு இடம்தரும் வாசிப்பும் ஒரு கடினமான கேள்வியைச் சந்தித்தாக வேண்டும். அரசு தன் இடத்தை இழந்துவிட்டது என்று தீர்மானிப்பது யார்? தங்களுக்குப் பிடிக்காத வரியைக் காட்டி எவரும் அப்படிச் சொல்லிவிடலாம். அது நகரசபை போன்ற கீழ்நிலை ஆட்சியாளர்களின் கடமை என்பது மாக்டெபர்க்கின் பதில். சொவெட்டோவின் கறுப்பின மக்களுக்குத் தங்களைக் காக்கும் அப்படி ஒரு நகரசபை இல்லை. அதனால் கைரோஸ் ஆவணம் அளவுகோலை மாற்றியது. தவறு செய்யும் அரசு வேறு, பொதுநன்மைக்கே விரோதியாக அமைந்துவிட்ட அரசு வேறு. ஒரு சிறுபான்மையின் ஓட்டால் வந்து, அந்தச் சிறுபான்மையின் நலனுக்காகவே ஆளும் அரசு தன் அமைப்பினாலேயே பெரும்பான்மை மக்களுக்குப் பகை, அது திருந்தும் என்று காத்திருக்க முடியாது என்றார்கள். அந்தக் கணக்கில்தான் சட்டமறுப்பில் இறங்கும்படி சபைகளை அழைத்தார்கள்.