கேட்டது எது, பார்த்தது எது?

கணக்கு ஆண்டு முடிந்ததும் ஆடிட்டர் குழு கம்பெனிக்குள் வந்து முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, கணக்குப் பிரிவு ஊழியர்களிடம் பேசுவது. பணம் யார் கொடுக்கிறார், யார் ஒப்புதல் தருகிறார், பாக்கி எப்படி வசூலாகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். அந்தப் பேச்சின் சுருக்கம் ஆடிட் ஃபைலில் சேரும். பின்னால் வரும் சிக்கல்கள் பலவும் அந்தச் சுருக்கத்தை எழுதிய விதத்தில் தொடங்குகின்றன.

கோவைப் பக்கம் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நடுத்தர கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். அக்கவுண்ட்ஸ் மேனேஜர் சொல்கிறார்: “பேங்க் ரீகன்சிலியேஷன் மாசாமாசம் போட்டுடறோம் சார். அம்பதாயிரத்துக்கு மேல எம்.டி. கையெழுத்து இல்லாம ஒரு பேமெண்டும் போகாது. மதுரை டீலர் பாக்கி 18 லட்சமும் ஏப்ரல்ல வந்துடுச்சு.”

புதிதாகச் சேர்ந்த உதவியாளர் இதை இப்படி எழுதுவார்: ‘வங்கிக் கணக்கு மாதந்தோறும் ஒத்துப்பார்க்கப்படுகிறது. 18 லட்சம் வசூலாகிவிட்டது.’ ஃபைலைப் படிக்கும் மூத்த ஆடிட்டர், யாரோ சரிபார்த்துவிட்டார்கள் என்று நினைத்துக் கடந்துபோவார். உண்மையில் யாரும் எதையும் பார்க்கவில்லை. சரியான குறிப்பு இப்படி இருக்கும்: ‘மதுரை டீலரின் 18 லட்சம் ஏப்ரலில் வந்ததாக மேனேஜர் கூறினார். ஆதாரம் பார்க்கவில்லை. தேவை: ஏப்ரல் பேங்க் ஸ்டேட்மென்ட், டீலரிடமிருந்து நேரடியாக நிலுவை உறுதிக் கடிதம்.’ அதை யார், எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்பதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

‘ஆவணம் தேவை’ என்று பொதுவாக எழுதினால் போதாது. என்ன ஆவணம், அதில் எதைப் பார்ப்பது என்பது கூற்றுக்குக் கூற்று மாறும். ரீகன்சிலியேஷன் என்றால் பன்னிரண்டு தாள்களும் ஃபைலில் இருக்கின்றனவா என்று எண்ணுவது மட்டும் வேலையில்லை. ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் தயாரானது, யார் சரிபார்த்தார் என்று பார்க்க வேண்டும். அக்டோபரில் கொடுத்த காசோலை மார்ச் பட்டியலிலும் ‘இன்னும் பாஸாகவில்லை’ என்று நின்றால், தாள் போட்டிருக்கிறார்களே தவிர யாரும் படிக்கவில்லை என்று தெரிந்துவிடும். இந்தியாவில் காசோலை மூன்று மாதத்தில் காலாவதியாகிவிடுகிறது.

எம்.டி. கையெழுத்துக்கு, மேனேஜர் எடுத்துத் தரும் வவுச்சர்களைப் பார்ப்பதில் பயனில்லை. எந்த வவுச்சர்கள் என்பதை ஆடிட்டரே தேர்ந்தெடுக்க வேண்டும். பணம் போன தேதிக்கு முன்பே ஒப்புதல் இருந்ததா, எம்.டி. வெளியூரில் இருந்த வாரத்தில் யார் கையெழுத்துப் போட்டார், ஒரே பார்ட்டிக்கு 49,500 ரூபாயாகப் பிரித்துப் போட்ட பில்கள் உண்டா என்று தேட வேண்டும்.

இனி அந்த 18 லட்சம். ஸ்டேட்மென்டைப் பார்த்தால் ஏப்ரல் 8 அன்று தொகை வந்திருக்கிறது. ஆனால் அனுப்பியது டீலர் அல்ல. கம்பெனி இயக்குநர் ஒருவரின் வேறொரு நிறுவனம். ஏப்ரல் 20 அன்று அதே தொகை அங்கேயே திரும்பிப் போயிருக்கிறது. பணம் வந்தது உண்மை. பாக்கி வசூலானது உண்மையில்லை. இந்த இடத்தில் மேனேஜர் முதலில் சொன்னதை அழித்துவிட்டுத் திருத்தி எழுதக் கூடாது. அதன் கீழே கண்டதைத் தேதியோடு எழுதி, மறுபடி கேட்டு, அந்தப் பதிலையும் சேர்க்க வேண்டும். ‘பொய் சொன்னார்’ என்ற தீர்ப்புக்கும் குறிப்பில் இடமில்லை. அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

ஆதாரம் எந்தக் கை வழியாக வந்தது என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று கடிதத்தில் ஒப்புக்கொண்டார். வங்கி உறுதிக் கடிதங்களைத் தாங்களே நேரடியாக அனுப்பிப் பெறாமல், அந்த வேலையை நிறுவனத்தின் கையிலேயே விட்டுவிட்டார்கள் என்று ஆடிட்டர்கள் மீது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011இல் குற்றம் கண்டது. காகிதம் இருந்தது, வந்த வழிதான் சரியில்லை.

இந்தியத் தணிக்கைத் தரநிலை எஸ்.ஏ. 500, விசாரணை மட்டுமே பொதுவாகப் போதுமான ஆதாரம் ஆகாது என்கிறது. நிர்வாகம் எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழியும் தனியாக நின்றால் போதாது என்பது எஸ்.ஏ. 580. எனவே ‘நானே எழுதித் தர்றேன் சார்’ என்று மேனேஜர் சொன்னாலும் அந்த வரியை மூட முடியாது. ஆதாரம் வரும்வரை அது ‘நிலுவை’ என்றே இருக்க வேண்டும். கையெழுத்திடும் நாள்வரை வராமல், தொகையும் பெரிதாக இருந்தால், ஆடிட்டர் தன் அறிக்கையிலேயே அதைச் சொல்லியாக வேண்டும்.