நாலரை மணிக்கு யார் வர வேண்டும்?

புதுமனை புகுவிழா பத்திரிகை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் மஞ்சள். உள்ளே தமிழ் வருஷம், மாதம், கிழமை, திதி, நட்சத்திரம், லக்னம் என்று வரிசையாக வந்து, ‘காலை 4.30 மணிக்கு மேல் 6.00 மணிக்குள்’ என்று நிற்கும். அப்புறம் சுற்றமும் நட்பும் சூழ வருகை தரச் சொல்லி ஒரு வரி, முகவரி, பெயர்கள். பஞ்சாங்கப்படி ஒரு குறையும் இருக்காது. ஆனாலும் பத்திரிகை கைக்குப் போன மறுநாளே போன் வரும்.

“ஏம்மா, நாலரைக்கே வரணுமா? அந்நேரத்துக்கு ஆட்டோ கிடைக்குமா?”

“நீங்க அவசியம் வந்துடணும் சித்தி. பால் காய்ச்சறப்போ பக்கத்துல இருக்கணும். ஆபீஸ்காரங்களைத்தான் ஏழு மணிக்கு மேல வரச் சொல்லியிருக்கேன்.”

அந்த ஏழு மணி பத்திரிகையில் எங்கேயும் இல்லை. அச்சடித்திருப்பது வீட்டுக்காரர் வாசற்படி தாண்ட வேண்டிய நேரம். விருந்தாளி வர வேண்டிய நேரம் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு ஆறு மணிக்கு வந்து நிற்பவர், ஹோமப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, வரவேற்க ஆளில்லாமல், உட்கார நாற்காலியும் இல்லாமல் தவிப்பார். அதனால்தான் இப்போது பல வீடுகளில் பத்திரிகையைச் சம்பிரதாயப்படி அடித்துவிட்டு, கூடவே வாட்ஸ்அப்பில் இன்னொரு குறிப்பும் அனுப்புகிறார்கள். எப்போது வரலாம், செருப்பை எங்கே விடலாம், என்ன சாப்பாடு, என்ன கொண்டுவரலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அந்தக் குறிப்பை எழுதத்தான் யோசனை வேண்டும்.

விடியலுக்கு முன்பான முகூர்த்தத்தில் ஒரு சௌகரியம் உண்டு. காலண்டரில் போட்டிருக்கும் ராகு காலமும் எமகண்டமும் காலை 6 மணிக்கு மேல் தொடங்குபவை. அதற்கு முன்னால் வாசல் தாண்டிவிட்டால் எந்தக் கிழமையானாலும் இடிக்காது. இடைஞ்சல் கிழமையில்தான். செவ்வாய், சனி, ஞாயிறு மூன்றையும் பலர் ஒதுக்கிவிடுவார்கள். லீவு நாள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை வைப்பவர்கள் இப்போது இருக்கிறார்கள் என்றாலும், வாத்தியாரிடமோ ஜோசியரிடமோ கேட்டால் பெரும்பாலும் வேலை நாள்தான் வரும். வேலை நாள் என்றால் வருகிறவர்களில் பாதிப் பேர் ஆபீஸுக்குப் போகிற வழியில் வருகிறவர்கள். கல்யாணத்தில் மத்தியானச் சாப்பாடு பெரிது. கிரகப்பிரவேசத்தில் காலை டிபன்தான் பெரும்பந்தி.

சென்னைப் புறநகரில் மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை, 4.30 முதல் 6.00 வரை முகூர்த்தம், அழைத்திருப்பது 150 பேர். கூடத்தில் ஹோம குண்டம் வைத்தபின் முப்பது பேருக்கு மேல் நிற்க இடமில்லை. முகூர்த்தத்தின்போது கீழே கோமாதா பூஜை நடக்கும். பசு லிஃப்டில் ஏறாது. கன்றோடு வாசலில் நிற்க வைத்து மாலை போட்டு, அகத்திக்கீரை கொடுத்து, அங்கேயே தீபாராதனை காட்டிவிடுவார்கள். பிறகு சாமி படம், குத்துவிளக்கு, நிறைகுடம், உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு ஆகியவற்றை ஆளுக்கொன்றாகக் கையில் எடுத்துக்கொண்டு, வலது காலை வைத்து உள்ளே போவார்கள். அடுப்பில் பால் ஏறும். பாத்திரம் சின்னதாக இருந்தால் நல்லது. இரண்டு லிட்டரை ஊற்றிவிட்டுப் பொங்கப் பொங்கக் காத்திருந்தால் நேரமும் போகும், பொங்கி வழியும்போது அடுப்பும் அணைந்துபோகும். அரை லிட்டர் போதும். எல்லோருக்கும் ஒரு வாய் கொடுக்கத் தனியாக இன்னொரு பாத்திரத்தில் காய்ச்சிக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் வேண்டியவர்கள் இருபது பேர். அவர்களை 4.15க்கு வரச் சொல்ல வேண்டும், அதையும் நேரில் சொல்ல வேண்டும். அடுத்து கணபதி ஹோமமும் நவக்கிரக ஹோமமும் நடந்து முடிய இரண்டரை மணி நேரமாவது பிடிக்கும். சில வீடுகளில் வாஸ்து ஹோமத்தை முதல் நாள் சாயங்காலமே முடித்துவிடுவார்கள். ஆக, மற்றவர்களுக்கு 7 மணி முதல் 9.30 வரை டிபன். மத்தியானச் சாப்பாட்டை 11.30க்குப் போடத்தான் சமையல்காரர் சொல்வார். ஆனால் வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகு காலம். அந்த நேரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பாத பெரியவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். 10.30க்கு முன்னாலேயே கிளம்பி வந்தால் இலை போடும்வரை காத்துக்கிடப்பார்கள், 12க்கு மேல் கிளம்பினால் ஒரு மணிக்குத்தான் வருவார்கள். 12.15 முதல் 2 மணி வரை என்று போட்டுவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. கிழமை மாறினால் இந்தக் கணக்கும் மாறும். வியாழக்கிழமை 1.30க்குத்தான் ராகு காலம் என்பதால் தாராளமாக 11.30க்கு இலை போடலாம்.

அடுத்தது செருப்பு. ‘காலணிகளை வெளியே விடவும்’ என்று எழுதினால் தனி வீட்டுக்குச் சரி, அடுக்ககத்துக்குப் போதாது. வெளியே என்றால் எது? கதவுக்கு வெளியே இருப்பது எதிர்வீட்டுக்காரரும் நடக்கிற வராந்தா. 8 மணிக்கு அங்கே அறுபது ஜோடி கிடக்கும். அவர் பிள்ளை ஸ்கூல் பையோடு அதைத் தாண்டிப் போக வேண்டும். வாசல் கோலத்தின் மேலேயே யாராவது கழற்றிவிட்டும் போவார்கள். ‘செருப்பை இரண்டாவது மாடி படிக்கட்டு ஓரத்தில் விட்டுவிட்டு மேலே வாருங்கள்’ என்று இடத்தைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது மாடிக்காரர்களிடம் முதல் நாளே போய், பத்திரிகை வைத்து, ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் முக்கியம். லேஸ் கட்டுகிற ஷூவைத் தவிர்க்கச் சொன்னால் ஆபீஸ் நண்பர்கள் நன்றியோடு கேட்பார்கள். தரையில் எண்ணெயும் நெய்யும் சிந்தியிருக்கும், சாக்ஸோடு நடந்தால் வழுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இதில் ஒரு விலக்கு தேவை. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களை டாக்டர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். புது வீட்டில் ஆணியும் கம்பித்துண்டும் கண்ணில் படாமல் கிடக்கும். அப்படி ஒரு மாமா வருகிறார் என்றால், வீட்டுக்குள் மட்டும் போட ஒரு ஜோடி புதுச் செருப்பு வாங்கி வைத்துவிட்டால் போகிறது. எந்தச் சாஸ்திரமும் கெட்டுப்போகாது.

சாப்பாட்டைப் பற்றி நம்மவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை. இலையின் நுனி இடப்பக்கம் இருக்கும், சுப காரியம் என்பதால் சாப்பிட்டபின் இலையை நம் பக்கமாக மடிக்க வேண்டும் என்பதெல்லாம் பழக்கத்திலேயே வரும். வடக்கிலிருந்து வந்து கூட வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் இதை ஒரு வரி எழுதலாம், ரசிப்பார்கள். எல்லோருக்கும் சொல்ல வேண்டியது இரண்டு விஷயம்தான். சைவச் சாப்பாடு, சில வீடுகளில் வெங்காயம், பூண்டும் கிடையாது. இரண்டாவது, கை நனைக்காமல் போனால் வீட்டுக்காரருக்கு மனசு கேட்காது. விரதம் இருப்பவரோ அவசரமாகப் போகிறவரோ காய்ச்சின பாலில் ஒரு வாய் குடித்துவிட்டுப் போனாலே போதும் என்று எழுதிவிட்டால், மறுக்கிறவருக்கும் வற்புறுத்துகிறவருக்கும் நிம்மதி. யார் எந்த வேளைக்கு வருகிறார்கள் என்று மூன்று நாள் முன்னால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 150 பேரும் இரண்டு வேளையும் வருவார்கள் என்று சமைத்தால் மத்தியானம் சாம்பார் அண்டாவோடு மீதியாகும். எல்லோரும் மத்தியானம்தான் வருவார்கள் என்று நினைத்தால் 8.30க்கே பொங்கல் தீர்ந்து, கடைக்கு ஆள் ஓடும்.

கடைசியாக, என்ன கொண்டுவருவது. இங்கே விருந்தாளிகள் இரண்டு வகை. தாய்வீட்டுச் சீர் கொண்டுவருகிறவர்களுக்குப் பட்டியல் சொல்லியே ஆக வேண்டும். குத்துவிளக்கு, குடம், வேஷ்டி, புடவை, அரிசி, பருப்பு, உப்பு, வெல்லம், பழம், பூ எல்லாம் 9, 11 என்று ஒற்றைப்படைத் தட்டுகளில் வரும். உள்ளே போகும்போது கையில் ஏந்திப் போக வேண்டிய விளக்கும் குடமும் இந்தச் சீரில் வருவதாக இருந்தால், 4.15க்குச் சீர் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஊரிலிருந்து வேனில் கிளம்பி ஏழு மணிக்கு வந்து இறங்கும் குத்துவிளக்கால் பயனில்லை. விளக்கை மட்டும் முதல் நாள் ராத்திரியே வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மற்றவர்கள் கொண்டுவருவது சுவர்க் கடிகாரமும் சாமி படமும். ஒரே வீட்டில் ஏழு கடிகாரம் சேர்ந்தால் எதை மாட்டுவது, யாருடையதைப் பரணில் போடுவது? ‘அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்’ என்று அடிப்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. மொய் வைக்கிற ஊரில் அது வெறும் பணமல்ல, நோட்டில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்கிற முறை. வேண்டாம் என்றால் சொந்தக்காரர்கள் முகம் வாடும். நண்பர்களுக்குப் போகும் குறிப்பில் மட்டும், ‘வெறுங்கையோடு வாருங்கள், மனசு கேட்கவில்லை என்றால் பூவோ பழமோ போதும்’ என்று எழுதினால் இரண்டு பக்கமும் சரியாகிவிடும்.

குறிப்பை இப்படி எழுதலாம்:

“வெள்ளிக்கிழமை 4.30–6.00 முகூர்த்தம். ஹோமம் 8.30 வரை நடக்கும். புகை ஒத்துக்கொள்ளாதவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் அதற்குப் பிறகு வாருங்கள். டிபன் 7.00 முதல் 9.30 வரை, சாப்பாடு 12.15 முதல் 2.00 வரை, இரண்டும் மொட்டைமாடியில், சைவம். செருப்பை இரண்டாவது மாடி படிக்கட்டு ஓரத்தில் விடவும். கார் நிறுத்த இடம் கிடையாது, டூவீலருக்கு உண்டு. எந்த வேளைக்கு, எத்தனை பேர் என்று செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லுங்கள்.”

நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும் இன்னொரு வரி. புகுந்த அன்று ராத்திரி வீட்டைப் பூட்டிப் போடக் கூடாது, விளக்கேற்றி அங்கேயே படுக்க வேண்டும் என்பது முறை. சாமான்கள் பழைய வீட்டில் இருக்கும், ஃபேன்கூட எல்லா அறையிலும் மாட்டியிருக்காது. துணைக்குத் தங்குகிற அத்தையும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பாயும் தலையணையும், கூடவே ஒரு கொசுவத்திச் சுருளும் எடுத்து வந்துவிட வேண்டும்.